சாட்பாட் பாதியில் நின்றால் வேறு மாடலுக்கு மாற்றுவதா? உதவி தேவை

வணக்கம். நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்காகச் சாட்பாட் ஒன்று செய்து தந்திருக்கிறேன். அறை இருக்கிறதா என்று பார்க்கும், புறாமலைக்குப் படகும் பதிந்து கொடுக்கும். மாடல் சேவை விழுந்தால் இரண்டாவது நிறுவனத்தின் மாடலுக்குத் தானாக மாறும்படி வைத்திருக்கிறேன். 503 வந்தாலோ, பத்து விநாடிக்குள் முதல் சொல் வராவிட்டாலோ மாறும். 429 என்றால் `Retry-After` சொல்லும் நேரம் பொறுத்து அதே மாடலிடம் திரும்பக் கேட்கும். 400 வந்தால் மாறுவதில்லை, பிழை நாம் அனுப்பியதில்தான் இருக்கும். இதுவரை சரி.

சிக்கல் பதில் பாதியில் அறும்போதுதான். ஒருவர் நாளைக் காலை நான்கு பேருக்குப் படகு கேட்கிறார், மாடல் பதிவுக் கருவியை அழைக்கிறது, தரவுத்தளத்தில் பதிவும் ஏறிவிடுகிறது, "உங்கள் படகு" என்று திரையில் வந்ததோடு இணைப்பு போய்விடுகிறது. இரண்டாவது மாடலுக்கு முதல் மாடல் செய்தது தெரியாது, அது இன்னொரு படகையும் பதிகிறது. உரையாடல் எண்ணையும் பயண நாளையும் சேர்த்து ஒரு தனிச்சாவி வைத்து இரட்டைப் பதிவைத் தடுக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் அதே ஆள் உண்மையிலேயே இரண்டாவது படகு கேட்டால் அதுவும் தடைபடுமே?

அல்லது கருவி ஓடிய பிறகு அறுந்தால் மாடலை மாற்றாமல், "உங்கள் பதிவு கிடைத்தது, உறுதிப்படுத்த விடுதியிலிருந்து அழைப்போம்" என்று தரவுத்தளத்தைப் பார்த்து நிலையான செய்தி காட்டுவது நல்லதா? இப்படி ஓட்டிப் பார்த்தவர்கள் எந்த இடத்தில் கோடு போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.