கப்பல்காரரிடம் கையெழுத்துக் கேட்க ரஷ்ய மொழியில் எந்த வினை?

ராயபுரம் சப்ளை: கப்பல்களுக்கு மளிகை, காய்கறி கொடுக்கிறோம். துறைமுகத்தில் நிற்கும் ஒரு கப்பலுக்கு ரஷ்ய மொழியில் ஒரு வரி அனுப்ப வேண்டும்: “டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து அனுப்புங்கள்.” அகராதியில் கையெழுத்துப் போடுவதற்கே பட்பீஸிவத், பட்பிஸாத் என்று இரண்டு வினை இருக்கின்றன. எதைப் போடுவது?

தண்டையார்பேட்டை சேகர்: இரண்டாவது. வேலை முடிந்துவிடும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழில் நாம் ‘விடு’ சேர்க்கிறோமே, அதேதான். “போட்டுவிடுங்கள்” என்றால் பட்பிஷீத்யெ, வெறும் “போடுங்கள்” என்றால் பட்பீஸிவைத்யெ. இதை வைத்துக்கொண்டால் எந்த வினையிலும் குழப்பம் வராது.

மணலி அம்மா: என் பையன் ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறான். ‘தயவுசெய்து’ என்பதற்கு அவர்கள் சொல்லும் பஷாலுஸ்தாவைச் சேர்த்துவிட்டால் எந்த வினையும் மரியாதையாகிவிடும். இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

வாசுகி டீச்சர்: பஷாலுஸ்தா மரியாதையைத் தரும் அம்மா, ஆனால் எந்த வினை என்பதை அது முடிவு செய்யாது. உங்கள் பையனைக் கேட்டுப் பாருங்கள். அங்கே டாக்டர் தொண்டையைப் பார்க்க “அத்க்ரோய்த்யெ ரோத்” என்பார், வாயைத் திறங்க என்று. அது பட்பிஸாத் போல வேலை முடிவதைச் சொல்லும் முற்று வினை: ஒரு தடவை திறந்தால் போதும். அப்புறம் முதுகில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து “திஷீத்யெ” என்பார், மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருங்க என்று. அது பட்பீஸிவத் போல முற்றாத வினை.

சேகர் சார், உங்கள் விடை சரி, காரணம்தான் சரியில்லை. நம்மூர் டாக்டர் “வாயைத் திறந்துவிடுங்க” என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? “வாயைத் திறங்க” என்பதோடு சரி. நமக்கு ‘விடு’ இல்லாத கட்டளையே சாதாரணம். ‘விடு’ வந்தால் “மறக்காமல் முடித்துக் கொடுங்கள்” என்ற அக்கறையோ அவசரமோ கூட வருகிறது. ரஷ்ய மொழியில் அப்படி இல்லை. ஒரு தடவை செய்து முடிக்கிற வேலையைக் கேட்டால் முற்று வினைதான் சாதாரணப் பேச்சு.

அந்த இடத்தில் பட்பீஸிவைத்யெ என்று போனால் கேட்கிறவருக்கு வேறு மாதிரிப் படும். “ம், ஆரம்பிங்க, இன்னும் போடலையா” என்று முடுக்குவது போல. அவர் “போடலாமா?” என்று கேட்டு, நாம் “போடுங்க, போடுங்க” என்று சம்மதம் சொல்லும்போது அதே சொல் இதமாக இருக்கும். வீட்டுக்கு வந்தவரை “உட்காருங்க, உட்காருங்க” என்கிறோமே, அங்கேயும் அவர்கள் முற்றாத வினையில்தான் “ஸதீத்யெஸ்” என்பார்கள்.

ராயபுரம் தம்பி, உங்கள் வரியில் மூன்று வேலை இருக்கிறது. தமிழில் ‘போட்டு’, ‘வைத்து’ என்ற வினையெச்சங்களே ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று காட்டிவிடுகின்றன, கட்டளை கடைசியில் ஒன்றுதான். ரஷ்ய மொழியில் மூன்றையும் முற்றுக் கட்டளையாக அடுக்குங்கள்: “பட்பிஷீத்யெ, பஷாலுஸ்தா, நக்லத்னூயு, பஸ்தாவ்த்யெ பெச்சாத் இ அத்ப்ராவ்த்யெ.” முற்று வினைகள் அடுக்கி வந்தால் அந்த வரிசையிலேயே செய்யச் சொல்கிறோம் என்று அவருக்குப் புரியும்.

தண்டையார்பேட்டை சேகர்: டாக்டர் உதாரணத்தை ஏற்கிறேன். ஆனால் ‘விடு’வை அப்படியே ஒதுக்க முடியாது டீச்சர். குழந்தையிடம் “விழுந்துடாதே” என்கிறோம். அவர்கள் “நி உபதீ” என்பதும் முற்று வினைதானே?

வாசுகி டீச்சர்: ஆமாம், ‘செய்யாதே’ பக்கம் வந்தால் உங்கள் பேச்சு நன்றாகவே நிற்கிறது. “கையெழுத்துப் போடாதீர்கள்” என்று தடுப்பதற்கு நி பட்பீஸிவைத்யெ, முற்றாத வினை. “பார்த்து, தெரியாமல் வேறு தாளில் போட்டுடாதீங்க” என்று எச்சரிப்பதற்கு “ஸ்மத்ரீத்யெ, நி பட்பிஷீத்யெ”, முற்று வினை. கை தவறி நடந்துவிடக்கூடியதைப் பற்றி எச்சரித்தால் இரண்டு மொழியும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாதாரணக் கட்டளையில் பொருந்தாத ‘விடு’ எச்சரிக்கையில் பொருந்துகிறது என்பதால் அதை எல்லா இடத்துக்கும் சூத்திரமாக்க முடியாது.

ராயபுரம் சப்ளை: நன்றி டீச்சர், அந்த வரியையே அனுப்புகிறேன். கீழே “சீல் வைக்க மறந்துடாதீங்க” என்றும் சேர்க்கவா?

வாசுகி டீச்சர்: சேர்க்கலாம். “நி ஸபூத்யெ பஸ்தாவித் பெச்சாத்.” இதுவும் முற்று வினை.

தண்டையார்பேட்டை சேகர்: பார்த்தீர்களா, மறுபடியும் ‘விடு’!

வாசுகி டீச்சர்: இந்த இடத்தில் சரி. ஆனால் ஊருக்குக் கிளம்புகிறவரிடம் நாம் “எங்களை மறந்துடாதீங்க” என்கிறோம். அவர்கள் அங்கே “நி ஸபிவாய்த்யெ நாஸ்” என்று முற்றாத வினைக்குப் போய்விடுகிறார்கள், எப்போதும் நினைவில் வையுங்கள் என்ற பொருளில். தமிழில் மட்டும் ‘விடு’ ஏன் அங்கேயும் அப்படியே நிற்கிறது?

தண்டையார்பேட்டை சேகர்: மறப்பது நம் கையில் இல்லை, தானாக நடப்பது என்று தமிழ் எடுத்துக்கொள்கிறதோ என்று தோன்றுகிறது. “நினைச்சுட்டே இருங்க” என்று வேறு மாதிரி சொன்னால்தான் நமக்கு அந்த ‘எப்போதும்’ வரும்.

மணலி அம்மா: பையன் போனில் சொன்னான், அங்கே டாக்டர் “திஷீத்யெ” சொல்லி முடித்ததும் “நி திஷீத்யெ” என்பாராம், மூச்சைப் பிடிச்சுக்கோங்க என்று. அதுவும் அதே வினையா டீச்சர்?

வாசுகி டீச்சர்: அதே வினைதான் அம்மா. தடுக்கிறார், எச்சரிக்கவில்லை.