பொருள்: பிட்காயினுக்குப் பணப்புழக்கம் இல்லையா? சொல் தேவை

கயல்விழி:

குழுவினருக்கு வணக்கம். கிரிப்டோ நாணயங்கள் பற்றிய ஓர் அறிமுகக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். லெட்ஜருக்குப் பேரேடு இருக்கிறது. பிளாக்செயினை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குச் சண்டை போட இந்தக் குழுவில் ஏற்கெனவே மூன்று இழைகள் உண்டு. மாட்டிக்கொண்டது ஒரே ஒரு வரியில்: "பிட்காயினுக்கு கேஷ் ஃப்ளோ கிடையாது, அதனால் அதற்கு மதிப்பே போட முடியாது என்கிறார்கள் ஒரு சாரார்."

நான் "பணப்புழக்கம் கிடையாது" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தோழி, "இராப்பகலாக வாங்கி விற்கிறார்களே, புழக்கம் இல்லை என்றால் எப்படி?" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

முருகேசன்:

உங்கள் வரி சரிதான் அம்மா, மாற்ற வேண்டாம். பட்டவன் சொல்கிறேன். நான் பிட்காயின் வாங்கி வைத்திருந்த பரிமாற்றத் தளம் 2022-இல் ஒருநாள் பணம் எடுப்பதை நிறுத்திவிட்டது. திரையில் 0.4 என்று காட்டும். விற்கவும் முடியாது, வெளியே அனுப்பவும் முடியாது. புழக்கம் இல்லை என்பது இதுதானே?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பேரேட்டில் பதிந்தது அழியாது என்கிறார்கள். என் 0.4-ஐ அந்தப் பேரேட்டில் தேடு தேடு என்று தேடினேன். இல்லவே இல்லை. அப்புறம் என்ன அழியாத பேரேடு?

நவீன்:

முருகேசன் அண்ணா, உங்கள் 0.4 அந்தப் பேரேட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. தளம் தன் பெயரில் சில முகவரிகளில் எல்லாருடைய காசையும் மொத்தமாக வைத்திருக்கும். அதில் உங்களுக்கு எவ்வளவு என்பது அவர்களுடைய சொந்தத் தரவுத்தளத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். வெளிப்பேரேட்டுக்கு உங்களைத் தெரியாது.

பேரேடு என்றதும் ஆளுக்கொரு பக்கம், பக்கத்தின் அடியில் இருப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பிட்காயினில் இருப்பு என்று எதுவும் எழுதப்படுவதில்லை. இன்ன பரிமாற்றத்தில் இன்ன முகவரிக்கு இவ்வளவு போனது, அது இன்னும் செலவாகவில்லை என்பது மட்டும்தான் பதிவு. உங்கள் வாலட் அந்தச் செலவாகாத துண்டுகளைக் கூட்டி ஓர் எண்ணாகக் காட்டுகிறது. துண்டைச் செலவு செய்யத் தேவையான சாவி உங்கள் கையில் இருந்தால்தான் அது உங்களுடையது. உங்கள் விஷயத்தில் சாவி தளத்திடம் இருந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மூலக் கட்டுரையே தவறு என்பது என் கருத்து. பிட்காயினில் கேஷ் ஃப்ளோ இருக்கிறது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிமாற்றங்களின் ஒரு கட்டு, பேரேட்டில் சேர்கிறது. ஒவ்வொன்றுக்கும் 2024 ஏப்ரலிலிருந்து 3.125 புதுக் காசு, கூடவே பரிமாற்றக் கட்டணம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 450 காசு வருகிறதே! சொல்தான் வேண்டுமென்றால் "ஈவு" போதாதா? "ஈவற்ற சொத்து", சுருக்கமாக இருக்கிறது.

சபாபதி:

முப்பது ஆண்டு கணக்கு எழுதியவன் என்ற முறையில் இரண்டு திருத்தம்.

முதலாவது, நவீன் சொல்லும் 450 காசு மைனிங் செய்பவருக்குப் போகிறது. இயந்திரமும் மின்சாரமும் போட்டு உழைத்ததற்கான கூலி அது. நான் ஒரு பிட்காயினை வாங்கிப் பத்து வருடம் பூட்டி வைத்தால், பத்தாம் வருடமும் அது ஒரு பிட்காயின்தான். வைத்திருப்பவனுக்கு என்ன வருகிறது என்பதுதான் கேள்வி. ஒன்றும் வருவதில்லை.

இரண்டாவது, "ஈவு" போதாது. பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனம் வாரன் பஃபெட்டின் காலத்தில் பங்கு ஈவு கொடுத்தது ஒரே ஒரு தடவை, 1967-இல். ஆனால் அந்தப் பங்குக்கு மதிப்புப் போட யாரும் திணறுவதில்லை. உள்ளே பணம் வந்துகொண்டிருக்கிறது, பங்குதாரருக்கு அதில் உரிமை இருக்கிறது. கைக்கு வராவிட்டாலும் வரத்து உண்டு. ஈவற்றது வேறு, வரத்தற்றது வேறு.

இந்த வரத்து ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஓர் எடுத்துக்காட்டில் சொல்கிறேன். ஒரு பங்கின் விலை 100, ஆண்டுக்கு 5 தருகிறது என்று வையுங்கள். சந்தை பயந்துபோய் விலை 25-க்கு இறங்குகிறது. தொழில் கெடாமல் அதே 5 வந்துகொண்டிருந்தால், இப்போது வாங்குபவனுக்கு நூற்றுக்கு 20 கிடைக்கிறது. அவன் அதை மறுபடி விற்கவே வேண்டாம், அந்த 5-க்காகவே வாங்குவான். விலை விழ விழ வாங்குவதற்கான காரணம் வலுக்கிறது. அந்த 5 குறையலாம், நின்றும் போகலாம். அது நிலைக்குமா என்று விசாரிக்க ஒரு வழியாவது இருக்கிறது.

பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டுவிட்டு, ஓராண்டில் 16,000-க்கும் கீழே போனது. அந்த 16,000 மலிவா? மலிவு என்று சொல்ல எதை அதனால் வகுப்பது? வகுக்க எண்ணே இல்லை. அடுத்தவர் என்ன கொடுப்பார் என்ற ஊகம் மட்டும்தான். 2022-இல் பஃபெட், உலகத்துப் பிட்காயின் மொத்தத்தையும் 25 டாலருக்குத் தந்தாலும் வேண்டாம் என்றார். கேட்டவர்கள் கிழவருக்குப் புரியவில்லை என்று சிரித்தார்கள். அவர் கேட்டது இதைத்தான்: யாரிடமும் விற்க முடியாதென்றால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிதித்துறைப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் இன்னும் நயமாகச் சொல்வார்: இதற்கு விலை சொல்லலாம், மதிப்புச் சொல்ல முடியாது.

நவீன்:

ஐயா, கூலி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கேள்வியைத் தங்கத்திடம் கேளுங்கள். பெட்டியில் இருக்கும் தங்கம் என்ன தருகிறது? பணத்தாளிடம் கேளுங்கள். அது பத்து வருடம் சும்மா கிடந்தால் வாங்கும் சக்தி குறைந்துதான் இருக்கும். பணத்துக்கு யாரும் கேஷ் ஃப்ளோ கேட்பதில்லை. அடுத்தவர் ஏற்றுக்கொள்வார் என்பதே அதன் வேலை. பிட்காயினை ஒரு கம்பெனியாக நினைத்தால் ஒன்றுமில்லாததாகத் தெரியும், காசாக நினைத்தால் அப்படித் தெரியாது. 2,10,000 பிளாக்குக்கு ஒருமுறை புதுக்காசு பாதியாகும், மொத்தம் 2.1 கோடியைத் தாண்டாது. இந்த விதி எல்லாருக்கும் தெரியும். எந்த மத்திய வங்கியும் கூட்ட முடியாத காசுக்கு ஒரு தேவை இருக்கிறது.

சபாபதி:

தம்பி, காசு என்றே வைத்துக்கொள்வோம். ஓராண்டில் முக்கால் பங்கு விழுகிற காசில் யார் கடன் எழுதுவார்? பணத்தாளுக்குப் பின்னால் வரி இருக்கிறது. அரசு வரியை அதில்தான் வாங்குகிறது என்பதால் எல்லாருக்கும் அது தேவைப்படுகிறது. தங்கத்துக்கு நகை, மின்னணுப் பாகங்கள் என்று முதலீட்டுக்கு வெளியே ஒரு தேவை உண்டு. விலையில் அது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம், ஆனால் அடியில் இருக்கிறது. பிட்காயினுக்கு அப்படி அடியில் இருப்பது என்ன என்பதில்தான் எனக்கும் உனக்கும் வேறுபாடு. 2.1 கோடி என்ற உச்சவரம்பு அளிப்பைப் பற்றியது. தேவைக்கு அது உத்தரவாதம் இல்லை.

தமிழரசி:

பொருளாதாரத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொல்லைப் பார்க்கிறேன்.

"புழக்கம்" கைமாறுவதைக் குறிக்கும். தோழி கேட்டது நியாயம். முருகேசன் ஐயாவும் அதனால்தான் தன் அனுபவத்தை இங்கே கொண்டுவந்தார். ஒரே சொல் இரண்டு பேரை இரண்டு பக்கம் இழுத்துவிட்டது. இலங்கைக் கணக்கியலில் "காசுப்பாய்ச்சல்" என்பார்கள். நிறுவனத்தின் அறிக்கைக்கு அது பொருந்தும். ஆனால் பாய்ச்சல் உள்ளேயும் வரும் வெளியேயும் போகும். இங்கே வேண்டியது சொத்திலிருந்து உடையவரை நோக்கி வருவது மட்டும்.

"பணவரவு" எளிது. எழுதிப் பார்த்தேன், "இன்று பணவரவு இல்லை" என்று ராசிபலன் மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், விற்றாலும் பணவரவுதானே? பிட்காயினை 16,000-க்கு வாங்கி 60,000-க்கு விற்றவர் சிரிப்பார்.

ஆகவே விளைந்து வருவது என்ற பொருளில் "விளைவரவு" என்று ஆக்கினேன். ஆக்கிய கையோடு திகைத்தேன். உணவு, அகம் சேர்ந்தால் உணவகம். விளைவு, அரவு சேர்ந்தால் விளைவரவு. அரவு என்றால் பாம்பு. விளைச்சலில் பாம்பு! சந்தேகப்படுபவர்களுக்கு வேண்டுமானால் பிடிக்கலாம்.

கயல்விழி:

அம்மா, சிரித்துவிட்டேன். சபாபதி ஐயா போகிற போக்கில் "வரத்து" என்றாரே, அதையே எடுத்துக்கொள்ளலாமா? நீர்வரத்து என்று சொல்லிப் பழகியதுதான்.

நவீன்:

தனியாக "வரத்து" ஆபத்து. சந்தைச் செய்திகளில் வரத்து என்றால் சரக்கு வருவது. "பிட்காயின் வரத்து குறைந்தது" என்றால், பிளாக்குக்கு 6.25 காசு 3.125 ஆனதைத்தான் நான் நினைப்பேன்.

தமிழரசி:

அப்படியானால் "விளைவரத்து". பாம்பும் போய்விட்டது. விற்றுக் கிடைப்பதும் சரக்கு வருவதும் இதில் சேராது. நிறுவன அறிக்கைக்குக் காசுப்பாய்ச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை.

முருகேசன்:

விளைவரத்து நன்றாக இருக்கிறது. ஆனால் நான் வைத்திருந்த தளம் ஆண்டுக்கு நூற்றுக்கு 6 தருவதாகச் சொல்லித்தான் என் காசை வாங்கியது. அப்போது விளைவரத்து இருந்தது என்று ஆகிறதே?

சபாபதி:

அது பிட்காயினில் விளைந்ததில்லை. நீங்கள் தளத்துக்குக் கடன் கொடுத்தீர்கள், அவர்கள் அதை வேறு யாருக்கோ கொடுத்தார்கள், வட்டியில் ஒரு பங்கு உங்களுக்கு. எதையும் கடன் கொடுத்து வட்டி வாங்கலாம். கடன் வாங்கியவன் விழுந்ததும் தளம் கதவை மூடியது. அந்த 6 எங்கிருந்து வருகிறது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும், ஐயா. கடுமையாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

கயல்விழி:

வரி இப்போது இப்படி: "பிட்காயினை வைத்திருப்பவருக்கு அதிலிருந்து விளைவரத்து எதுவும் இல்லை; விற்றால்தான் பணம். அதனால் அதற்கு விலை உண்டு, மதிப்புப் போட வழியில்லை என்கிறார்கள் ஒரு சாரார். பணத்துக்கே விளைவரத்து கிடையாதே என்கிறார்கள் மற்றவர்கள்." அடுத்த பத்தி எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தின் ஸ்டேக்கிங் பற்றியது. அங்கேயும் இந்தச் சொல் நிற்குமா?

நவீன்:

தாராளமாக. 2022 செப்டம்பரிலிருந்து எத்தீரியத்தில் மைனிங் கிடையாது. காசைப் பிணையாக வைத்துச் சரிபார்ப்பவருக்கு வரவு உண்டு. இது அசல் விளைவரத்து.

சபாபதி:

பாதி. மொத்தம் 100 காசு, உன்னுடையது 10 என்று வை. எல்லாரும் பிணை வைக்கிறார்கள், புதிதாக 5 காசு அச்சாகிப் பங்காகிறது. உனக்கு 10.5 ஆனது, மொத்தம் 105 ஆனது. பத்தில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்காகவே இருக்கிறது. 40 காசு மட்டும் பிணையில் இருந்தால் உனக்கு 11.25 ஆகும், பங்கும் கூடும். ஆனால் அது பிணை வைக்காதவனிடமிருந்து வந்தது. வலையமைப்பைப் பயன்படுத்துபவர் கட்டும் கட்டணம் மட்டும்தான் வெளியிலிருந்து வருவது. அதை விளைவரத்து என்பேன், புதுக்காசை மாட்டேன்.

நவீன்:

அந்தக் கட்டணத்திலும் ஒரு பகுதியை 2021 ஆகஸ்டிலிருந்து எரித்துவிடுகிறார்கள் ஐயா. யார் கைக்கும் வராது, மொத்தக் காசு குறையும், எல்லார் பங்கும் கொஞ்சம் கூடும். கம்பெனி தன் பங்கையே திரும்ப வாங்குவது போல. அப்படி எரிவதையும் வரத்து என்று சொல்ல முடியுமா?

தமிழரசி:

எரிவதை வரத்து என்று எழுதச் சொன்னால் நான் எழுத மாட்டேன். கயல், அந்தப் பத்தியை மூலத்தோடு அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.