வெப்பநிலைக் கோபுரமா, சூட்டுப்படித் தூணா?

மாலதி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் முப்பரிமாண அச்சுப்பொறிக்கு மாணவர் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இழை, அடுக்கு, முனை, அச்சுத்தட்டு என்று இந்தக் குழுவில் முடிவான சொற்களையே பயன்படுத்துகிறேன். ஒரே ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

புதிய இழைச்சுருள் வந்தால், முனையை எத்தனை பாகையில் வைப்பது என்று பார்க்க ஒரு சோதனை உரு அச்சிடுகிறோம் அல்லவா, டெம்பரேச்சர் டவர் என்பார்களே, அதற்குத்தான் சொல் வேண்டும். எங்களுடையதில் ஒன்பது கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அடிக்கட்டம் 230 பாகை, மேலே போகப்போக ஐந்தைந்தாகக் குறைந்து உச்சியில் 190. ஒவ்வொரு கட்டத்திலும் அதன் எண்ணும், வெளியே நீளும் ஒரு சாய்வும், இரு தூண்களுக்கு நடுவே ஒரு சின்னப் பாலமும் உண்டு.

வெப்பநிலைக் கோபுரம் என்றுதான் முதலில் எழுதினேன். அதைப் படித்த ஒரு மாணவன் உருவைப் பதிவிறக்கி அப்படியே அச்சிட்டுக் கொண்டுவந்தான். ஒன்பது கட்டமும் அச்சு அசலாக ஒரே மாதிரி! 230 என்று பொறித்த கட்டமும் 190 என்று பொறித்த கட்டமும் 210 பாகையிலேயே வந்தவை. கட்டத்தில் இருக்கும் எண் வெறும் புடைப்பெழுத்து, பொறி அதைப் படிப்பதில்லை. அந்தந்த உயரத்தில் வெப்பநிலையை மாற்றச் சொல்லி ஸ்லைசரில் நாம்தான் கட்டளை சேர்க்க வேண்டும். இப்படி:

```
M104 S225
```

அடிக்கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் அடுக்கில் இது. அதற்கடுத்த கட்டத்தில் S220, பிறகு S215. ஆகவே உயரத்தைவிட, படிப்படியாக மாறும் சூடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். சூட்டுப்படித் தூண் எப்படி?

லோகேஸ், ஈப்போ

டீச்சர், தூண் வேண்டாமே. உலகம் முழுக்க டவர் என்கிறது, நாமும் கோபுரம் என்றால் உடனே புரியும். மாணவன் கட்டளை சேர்க்காமல் விட்டதற்குச் சொல் என்ன செய்யும்? OrcaSlicer-இல் அளவுத்திருத்தப் பட்டியலிலேயே இந்தக் கோபுரம் இருக்கிறது. தொடக்கமும் முடிவும் கொடுத்தால் கட்டளைகளை அதுவே போட்டுக்கொள்ளும்.

கையால் சேர்ப்பதாக இருந்தால் M104 போடாதீர்கள், M109 போடுங்கள். சூடு சரியாக வந்து சேரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த அடுக்குக்குப் போகும். அச்சிட்டு முடித்ததும் எந்தக் கட்டம் நூல் விடாமல் சுத்தமாக இருக்கிறதோ அதுதான் உங்கள் வெப்பநிலை. அவ்வளவுதான்.

முனியாண்டி, பாகான் செராய்

பிள்ளைகளுக்கு வணக்கம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தலைப்பைப் பார்த்ததும் நம் ஆலையில் நீரைக் குளிர்விக்கும் கோபுரத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்து, அதற்குக் குளிர்விப்புக் கோபுரம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். டீச்சர் எழுதியதை முழுக்கப் படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

பேரனின் பொறியில் நானும் இதை அச்சிட்டிருக்கிறேன். எனக்கு 230-இலும் நூல், 190-இலும் அதே நூல். எந்தக் கட்டத்தைத் தேர்வது? இன்னும் கீழே, 180-க்குப் போகலாமா?

குணசேகரன், பட்டர்வொர்த்

முதலில் ஐயாவுக்கு. 180-க்குப் போகாதீர்கள். வெப்பநிலையால் வரும் நூல், சூடு குறையக் குறையக் கண்முன்னே மெலிந்துகொண்டு போகும். எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவு நூல் என்றால் காரணம் வேறு. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த சுருளாக இருந்தால் இழை ஈரம் குடித்திருக்கும். பொறி ஓடும்போது முனைக்குப் பக்கத்தில் காது வைத்துக் கேளுங்கள், சின்னச்சின்ன வெடிப்புச் சத்தம் வந்தால் ஈரம்தான். பிஎல்ஏ இழையை 45-இலிருந்து 50 பாகைக்குள் ஆறு மணி நேரம் போல உலர்த்துங்கள். 60-ஐ நெருங்கினால் இழை இளகிச் சுருளிலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் வீட்டு அடுப்பை நம்ப வேண்டாம். உலர்த்திய பிறகும் நூல் மாறவில்லை என்றால், முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது இழையைப் பின்னிழுக்கும் நீளத்தைப் பாருங்கள்.

லோகேஸ், M109 பற்றி நீ சொன்னது பாதிதான் சரி. மார்லின் நிரலில் `M109 S` சூடேறும்போது மட்டும் காத்திருக்கும். இங்கே நாம் இறங்கிக்கொண்டு வருகிறோம், ஆகவே அது காத்திருக்காது. `M109 R` போட்டால் இறங்கும்போதும் காத்திருக்கும், ஆனால் அதுவரை முனை உருவின்மேலேயே நின்று ஒழுகி ஒரு கட்டியை விட்டுவிடும். M104 போதும். சூடு இறங்க ஒன்றிரண்டு அடுக்கு பிடிக்கும். அதனால் கட்டத்தின் அடிவிளிம்பைக் கணக்கில் எடுக்காமல் நடுப்பகுதியைப் பார்த்தால் சரி.

சூட்டிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குவதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த கட்டம் அடியில் இருந்தால், இழை சரியாக உருகாமல் முனை அடைபடும்போது மேலே உள்ள அத்தனையும் கெடும். உச்சியில் இருந்தால் அந்தக் கட்டம் மட்டும்தான் போகும்.

இப்போது நான் முக்கியமாக நினைப்பது. சுத்தமான கட்டமே சரியான கட்டம் என்பதை நான் ஏற்கவில்லை. சூடு குறைந்தால் சாய்வின் அடிப்பக்கம் தொங்காது, பாலம் நேராக நிற்கும், நூலும் வராது. கண்ணுக்கு அழகுதான். ஆனால் கீழ் அடுக்கோடு மேல் அடுக்கு உருகி ஒட்ட வேண்டிய சூடு அங்கே இருக்காது. தூணைக் கையில் எடுத்து ஒவ்வொரு கட்டமாக ஒடித்துப் பாருங்கள். சூடு போதாத கட்டம் வெற்றிலைக் கட்டு பிரிவதுபோல அடுக்கோடு அடுக்காக வழவழப்பாகப் பிரியும். நன்றாக ஒட்டிய கட்டம் எளிதில் ஒடியாது. ஒடிந்தாலும் முறிவு அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு, விளிம்பு வெளுத்துக் கோணல்மாணலாக வரும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. தூணின் ஓர் அடுக்கு மிகச் சிறியது. முந்தைய அடுக்கு இறுக நேரம் வேண்டும் என்பதால் ஓர் அடுக்குக்கு இத்தனை விநாடியாவது ஆக வேண்டும் என்று ஸ்லைசர் வேகத்தைக் குறைத்துவிடும். நீங்கள் 120 கொடுத்திருந்தாலும் அங்கே விநாடிக்கு 20 மில்லிமீட்டர்தான் ஓடும். கோட்டின் அகலம் 0.45, அடுக்கின் உயரம் 0.2 என்று வைத்தால் 20-இல் முனை வழியே விநாடிக்கு 1.8 கன மில்லிமீட்டர் பிளாஸ்டிக் போகிறது. பெரிய பொருளை 120-இல் அச்சிடும்போது 10.8 போகிறது, ஆறு மடங்கு. திரையில் அதே 205 தெரியும். ஆனால் உள்ளே விரைந்து ஓடும் இழைக்கு அந்தச் சூட்டை வாங்க நேரமில்லை. அதனால் தூணில் கிடைத்த எண்ணைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, வேகமாக அச்சிடும் பொருளுக்கு ஐந்தோ பத்தோ கூட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

சொல்லுக்கு என் வாக்கு டீச்சர் பக்கம். படி என்பது அதில் இருக்கட்டும்.

செல்வராணி, யாழ்ப்பாணம்

கோபுரத்தை அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதேங்கோ. ராஜகோபுரத்தை நாங்கள் ஏழு நிலை, ஒன்பது நிலை என்றுதானே எண்ணுகிறோம்? ஒவ்வொரு தட்டும் ஒரு நிலை. மாலதி டீச்சர் கட்டம் என்று எழுதுவதையே நிலை என்று எழுதலாம். 215 நிலை நூல் விட்டது, 190 நிலை ஒடிந்தது என்றால் பேச்சிலும் இயல்பாக வரும். படிகள் உண்டு என்பதைக் கோபுரம் என்ற சொல்லே சொல்லிவிடும், இன்னொரு படியைச் சேர்க்கத் தேவையில்லை.

முனியாண்டி ஐயாவுக்கு வந்த குழப்பம் மற்றவர்களுக்கும் வரும் என்பதையும் மறுக்கேலாது. இழை என்று முன்னால் சேர்த்து இழைவெப்பக் கோபுரம் என்றால் ஆலைக் கோபுரம் நினைவுக்கு வராது.

லோகேஸ், ஈப்போ

குணா அண்ணே, ஒடித்துப் பார்ப்பது நல்ல யோசனை. ஆனால் பூச்சாடி, பெயர்ப்பலகை மாதிரி எடை தாங்க வேண்டாத பொருளுக்கு அழகான கட்டத்தையே எடுத்துக்கொண்டால் என்ன தப்பு? அதில் நான் இன்னும் மாறவில்லை. இழைவெப்பக் கோபுரத்துக்கு என் ஆதரவு.

மாலதி, சுங்கை சிப்புட்

பெயர்ப்பலகைக்கு லோகேஸ் சொல்வது பொருந்தும். எங்களுக்கு அப்படியில்லை. பள்ளிக் கண்காட்சிக்குப் பால்மரத்தில் மங்கு மாட்டும் கொக்கி செய்கிறோம். தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டிமார் வந்து தொட்டுப் பார்ப்பார்கள், நிறைந்த மங்கை அது தாங்க வேண்டும்.

குணசேகரன் ஐயா சொன்னபடி செம்பழுப்புப் பிஎல்ஏ சுருளில் தூணை அச்சிட்டு மாணவர்களையே ஒடிக்கச் சொன்னேன். 230, 225 இரண்டிலும் தூண்களுக்கு நடுவே மயிர் மயிராக நூல், பாலம் நடுவில் தொய்ந்திருந்தது. 220-இல் நூல் ஓரளவு. 205-உம் 200-உம் பார்வைக்கு மிக அழகு, எழுத்தின் ஓரமெல்லாம் கூர்மை. 190 மேற்பரப்பு மங்கலாகி, ஒரு சிறுமியின் இரு விரலுக்கே வழவழப்பாகப் பிரிந்தது. 200-உம் கொஞ்சம் அழுத்தியதும் அடுக்கோடு வந்துவிட்டது. 210-ஐ இடுக்கி வைத்துத்தான் ஒடித்தோம், விளிம்பு கோணலாக இருந்தது. 215-உம் அப்படியே, அதன் நூலும் நகத்தால் தட்டினாலே விழுந்தது. 215 என்று எழுதிக்கொண்டோம்.

கொக்கியை வழக்கமான வேகத்தில் 215-இல் அச்சிட்டபோது நீண்ட பக்கச் சுவர் மங்கலாக வந்தது. சிறிய வளைவு மட்டும் பளபளத்தது. அந்த வளைவில் பொறி மெதுவாக ஓடியிருக்கிறது. 220-க்கு ஏற்றியதும் சுவரும் வளைவும் ஒரே பளபளப்பு. சுருளின் அட்டையில் 220 என்றே எழுதி ஒட்டிவிட்டோம். எங்கள் பொறிக்கு மட்டும் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன், வேறு பொறியின் வெப்பமானி வேறு மாதிரி காட்டக்கூடும்.

நிலை என்ற சொல்லைக் கையேட்டில் எடுத்துக்கொண்டேன், செல்வராணி அக்காவுக்கு நன்றி. முழுப் பெயருக்கு இழைவெப்பக் கோபுரமா சூட்டுப்படித் தூணா என்று இன்னும் மனம் ஒப்பவில்லை. தூண் என்றால் கட்டங்களுக்குள் இருக்கும் சிறு தூண்களோடு குழம்பும் என்று மாணவர்களே சொல்கிறார்கள். இப்போதைக்கு இரண்டையும் எழுதி வைக்கிறேன். முனியாண்டி ஐயா, இழையை உலர்த்தினீர்களா? அடுத்த கோபுரத்தின் படத்தை அனுப்புங்கள், ஈர இழைக்கு எடுத்துக்காட்டாக முன்னதையும் பின்னதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும்.

முனியாண்டி, பாகான் செராய்

பேரன் உலர்த்தும் பெட்டி வாங்கி வருகிறான் அம்மா. சத்தம் இருந்தது உண்மை, காது வைத்துக் கேட்டேன். பழைய கோபுரத்தைத் தூக்கிப் போடவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.