குதிகால் டெண்டன் ஆற ஏன் இத்தனை மாதம்?

ஓடும்கால்:
போன வருடம் கெண்டைக்கால் தசை கிழிந்தது, மூன்றே வாரத்தில் சரியாக நடந்தேன். இப்போது அதே காலில், குதிகாலுக்கு நான்கு விரல் மேலே, தசையை எலும்போடு இணைக்கும் டெண்டனில் வலி. ஐந்து மாதமாகியும் போகவில்லை. காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டித்தான் வைக்கிறேன். தசை ஆறியது, இது ஏன் ஆறவில்லை?

ஜிம் மாஸ்டர்:
ரத்த ஓட்டம்தான் காரணம். தசை சிவப்பு, டெண்டன் வெள்ளை, பார்த்தாலே தெரியும். அதிலும் குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே ரத்தம் குறைவு. உங்களுக்கு வலிப்பதும் அங்கேதான். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், நன்றாகத் தேய்த்து விடுங்கள். ரத்தம் வந்தால் ஆறிவிடும்.

நுண்ணோக்கி:
பாதி சரி. நான் நோயியல் பிரிவில் ஸ்லைடு பார்ப்பவள். மாதக்கணக்கில் வலித்து, அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த டெண்டன் எங்களிடம் வரும். நல்ல டெண்டனில் இருப்பதைவிட அதில் ரத்தக் குழாய்கள் அதிகமாகத்தான் இருக்கும். ரத்தம் வந்தும் ஆறவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும்.

நல்ல டெண்டனை ஸ்லைடில் பார்த்தால், படிய வாரிய கூந்தல் மாதிரி இளஞ்சிவப்பு இழைகள், எல்லாம் ஒரே திசையில், லேசான நெளிவோடு. இடையிடையே ஒல்லியான கருநீலக் கோடுகள் வரிசையாகத் தெரியும். செல்கள் அவ்வளவுதான். அந்த இழைகள் கொலாஜன் என்ற புரதம், அத்தனையையும் பராமரிக்க அந்தச் சில செல்களை விட்டால் ஆளில்லை. நோயுற்ற டெண்டனில் இழைகள் கலைந்து, செல்கள் உருண்டு, நடுவே நீர் கோத்த மாதிரி வெளிறிய நீலம் பரவியிருக்கும்.

தசை நார்களின் ஓரத்தில் புது நாராக மாறக்கூடிய செல்கள் தயாராக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டெண்டனில் அந்த வசதி மிகக் குறைவு. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐ அடையாளமாக வைத்து, டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் டெண்டனின் வயதைக் கணக்கிட்டார்கள். 2013இல் வெளியான முடிவு: உள்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அப்புறம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை.

மாடித்தோட்டம்:
எனக்குத் தோளில் இதே வலி. பர்சா வீக்கம் என்று சொல்லி ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், இரண்டு வாரத்தில் கை தூக்கினேன். தம்பி, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

நுண்ணோக்கி:
அக்கா, பர்சா வேறு. அது மெல்லிய உள்சவ்வு கொண்ட வழவழப்பான ஒரு பை. அந்தச் சவ்வில் ரத்தக் குழாய்கள் தாராளம், அது நிஜமாகவே அழற்சியில் வீங்கும். அதனால்தான் ஊசி கேட்டது. நாள்பட்ட டெண்டன் வலியில் அந்த மாதிரி அழற்சி பெரிதாக இருக்காது. அந்த ஊசியை டெண்டனுக்குள்ளேயே போட்டால் வலி சில வாரம் குறையலாம், ஆனால் இழை பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து உண்டு.

ஓடும்கால், குதிகாலிலும் டெண்டனுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு பர்சா இருக்கிறது. எலும்பை ஒட்டி, டெண்டனுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? அல்லது மேலே டெண்டனையே கிள்ளினால் வலிக்கிறதா? அங்கே கட்டி மாதிரி தடித்திருந்தால், பாதத்தை மேலும் கீழும் அசைக்கும்போது அதுவும் நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால் தடிப்பு டெண்டனுக்குள்ளே. நகராவிட்டால் சுற்றியுள்ள உறையில்.

ஜிம் மாஸ்டர்:
ரத்தத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. என் முழங்காலில் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் உள்பக்க லிகமென்ட் கிழிந்து, கட்டோடு தானாகவே கூடியது. நண்பனுக்கு மூட்டுக்குள் இருக்கும் முன்பக்க லிகமென்ட் அறுந்தது, கூடவே இல்லை. ரத்தம்தானே வித்தியாசம்?

நுண்ணோக்கி:
அந்த முன்பக்க லிகமென்ட்டுக்கும் ரத்தம் போகிறது. ஆனால் மூட்டு நீரில் ரத்தக்கட்டி நிற்காமல் கரைந்துவிடும், இரண்டு முனைகளுக்கும் பாலம் விழாது. வெளியே இருக்கும் லிகமென்ட்டில் பாலம் விழுகிறது. அப்படி விழுந்தாலும் முதலில் வருவது மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன், தாறுமாறாக. அது தடித்த முதல் வகையாக மாறி இழுவைத் திசையில் படிய மாதங்கள் ஆகும். குதிகால் டெண்டன் அறுந்து கூடினாலும் இதே கதைதான், ஒரு வருடம் கழித்தும் பழைய அமைப்பு முழுதாகத் திரும்பாது.

ஜிம் மாஸ்டர்:
சரி, அப்படியென்றால் படிக்கட்டு விளிம்பில் குதிகாலை இறக்கும் பயிற்சி எப்படி வேலை செய்கிறது? 15 தடவை, மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம் என்று கொடுக்கிறேன். பலருக்கு வலி குறைகிறதே.

நுண்ணோக்கி:
குறைகிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வலி போன பிறகும் ஸ்கேனில் சிலருக்குத் தடிப்பு அப்படியே இருக்கிறது. இழை சரியானதால் வலி போகிறதா, வலியை உணரும் விதம் மாறுகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே உடன்பாடில்லை.

ஓடும்கால்:
கிள்ளிப் பார்த்தேன். எலும்பருகே வலி இல்லை. மேலே ஒரு புளியங்கொட்டை அளவு தடிப்பு, பாதத்தை அசைத்தால் கூடவே நகர்கிறது. ஒத்தடத்தோடு ஓட்டத்தையும் விடாமல் தொடர்ந்தேன், அதையும் சொல்லியிருக்க வேண்டும்.