கூச்ச சுபாவக்காரர் இருவருக்கு முதல் சந்திப்பு: எழும்பூர் மியூசியம் எங்களுக்குக் கைகொடுத்தது

அடையாறு அக்கா: தம்பிக்கு ஜாதகம் பொருந்தியது. பையன், பெண் இருவருமே கேட்டால்தான் பதில் சொல்லும் ரகம். "மொட்டைமாடியில தனியா பேசிட்டு வாங்க" என்று அனுப்புவது வேண்டாம் என்று இரு வீட்டிலும் சொல்லி, எழும்பூர் மியூசியத்தில் ஏற்பாடு செய்தேன். ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தே ஆகணும். இங்கே பக்கத்தில் நின்று சிலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

வெண்கலக் கூடத்தில் திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா நின்றார்களாம். பிறகு அந்தப் பெண்தான், "சிவன் பக்கம் ரெண்டு கை, அம்பாள் பக்கம் ஒரே கை, பாத்தீங்களா?" என்றாளாம். தம்பி எண்ணிப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அப்புறம் பேச்சு தானாக வந்திருக்கிறது.

ராஜா_திருச்சி: இவ்வளவு எதுக்குங்க? சினிமாவுக்கு அனுப்புங்க, பேசவே வேண்டாம்.

அடையாறு அக்கா: பேச வேண்டாம் என்பது சரிதான் தம்பி. ஆனா ரெண்டரை மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தால் அதே கூச்சம் அப்படியே நிற்கும். படம் பிடித்ததா என்பதோடு பேச்சும் முடிந்துவிடும்.

மாலதி_கோவை: எனக்கும் இப்படித்தான். ஆன்லைன்ல பல வருஷமா பழகின தோழியை முதல்முறை நேர்ல பார்த்தேன். சாட்ல அப்படிப் பேசுவோம், நேர்ல ரெண்டு பேருக்கும் வாயே வரல. பழைய புத்தகக் கடைக்குள்ள நுழைஞ்ச பிறகுதான் சரியாச்சு.

அடையாறு அக்கா: அதேதான் மாலதி, கண்ணுக்கு வேறு வேலை வேணும். இன்னொன்று, முடியும் நேரத்தை முன்பே சொல்லிவிடணும். பத்து மணிக்குச் சந்திப்பு, பதினொன்றரைக்கு ஆட்டோ என்று இருவருக்கும் சொல்லியிருந்தேன். எப்போது கிளம்புவது, யார் முதலில் சொல்வது என்ற தவிப்பு இல்லை. பிடித்திருந்தால் டீ குடித்துவிட்டு வரட்டும். அதை நாம் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, ஞாயிறு கூட்டம். வார நாள் காலைதான் நல்லது.

செல்வி அத்தை: கூட யாரும் போகலையா? எங்க பக்கம் ஒத்துக்க மாட்டாங்கம்மா. நாங்க என் மருமகளை அனுப்பினோம், கலகலன்னு பேசுவா.

அடையாறு அக்கா: அவங்க இருவரும் பேசினாங்களா அத்தை?

செல்வி அத்தை: மருமகதான் பேசினா. ஆனா பொண்ணு பயமில்லாம இருந்துச்சே!

மாலதி_கோவை: துணைக்கு வர்றவங்க அதே வளாகத்துல கன்னிமாரா நூலகத்துல உட்கார்ந்திருக்கலாமே?

செல்வி அத்தை: கண் பார்வையில இருக்கணும்மா. நூலகத்துல உட்கார்றதுன்னா பொண்ணோட அப்பா சம்மதிக்கணுமே.