சன்னலைத் திறந்தால் பூமி வேகமாகச் சுற்றுகிறது: ஃபைபர் ஜைரோவில் சிக்கல், உதவி தேவை

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எம்.எஸ்சி. பிராஜெக்டுக்காக, ஒளியைக் கொண்டு சுழற்சி வேகத்தை அளக்கும் ஃபைபர் ஜைரோ ஒன்று செய்திருக்கிறேன். 500 மீட்டர் பி.எம். ஃபைபர், 10 செ.மீ. விட்டமுள்ள சுருள், 1550 நானோமீட்டர் எஸ்.எல்.இ.டி. ஒளி. ஒளியை இரண்டாகப் பிரித்து எதிரெதிர்த் திசையில் சுருளுக்குள் அனுப்புவது லித்தியம் நயோபேட் சிப். மாடுலேஷன் 204 கிலோஹெர்ட்ஸ்.

சுழல்மேசையில் வைத்துச் சுற்றினால் நன்றாகவே காட்டுகிறது. அடுத்து பூமியின் சுழற்சியைப் பிடிக்கலாம் என்று சுருளை மேசையில் படுக்கவைத்தேன். எங்கள் ஊர் அட்சரேகை 10.7. ஆக 15.04 × sin 10.7°, மணிக்கு 2.8 டிகிரி வர வேண்டும். விடியற்காலையில் 3, 4 என்று பக்கத்தில்தான் வருகிறது. பத்து மணிக்குக் கிழக்குச் சன்னலைத் திறந்தால் போச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உள்ளே வந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் 14க்கு ஏறிவிடுகிறது. அரை மணி நேரத்தில் தானாக இறங்குகிறது. சன்னலை மூடினால் எதிர்ப்பக்கம் போய் மைனஸ் 6 காட்டுகிறது!

காற்றில் மேசை அதிர்கிறதோ என்று சுருளை கிரானைட் பலகைமேல் வைத்தேன். ஒளிமூலத்தையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. எங்கே தப்பு?

ட்ரோன்தம்பி:
எனக்கும் இதே பிரச்சினை வந்தது அண்ணா. தரையில் வைத்து காலிப்ரேஷன் போட்டுவிட்டு, ஒரு நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு ஏற்றினேன், சரியாகிவிட்டது. போர்டில் எந்த சென்சார் சிப் இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தம்பி, ட்ரோனில் இருப்பது அதிரும் சிலிக்கான் துண்டு. இது ஒளி சுற்றிவரும் சுருள். காலிப்ரேஷனில் போகிற பிழை என்றால் காலையில் ஒருமுறை போட்டதோடு போயிருக்கும்.

வேலந்தாவளம் டெக்:
வெயில்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். சூடானால் ஃபைபர் நீளும், அளவு மாறும். சுருள் பக்கத்தில் ஒரு தெர்மிஸ்டர் வைத்து, வெப்பநிலைக்கும் பிழைக்கும் ஒரு வளைகோடு போட்டு, மென்பொருளில் கழித்துவிடுங்கள். எடைமேடைகளுக்கு இதைத்தான் செய்கிறோம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தெர்மிஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது சார். அதுதான் குழப்பமே. 29 டிகிரியில் ஒரு தடவை 12 காட்டியது, இன்னொரு தடவை அதே 29இல் மைனஸ் 4. எந்த வளைகோட்டைப் போடுவது?

சுற்றுக்காரர்:
திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் ஜைரோ சுருள் சுற்றியவன், இப்போது சித்தூரில் ஓய்வு. முதலில் ஒரு கேள்வி: சுருளை யார் சுற்றியது, எப்படிச் சுற்றியது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஐயா. இழுவிசையைக் குறைத்து நானே பக்கத்தில் நின்று சுற்றினேன். வரிசைக்கு 160 சுற்று, மொத்தம் பத்து வரிசை. ஒரு முனை உள்ளே தொடங்கி மறுமுனை வெளியே முடிகிறது.

சுற்றுக்காரர்:
அதேதான். உன் இரண்டு ஒளிக்கற்றைகளும் ஒரே ஃபைபரில்தான் போகின்றன, ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. கோயில் வீதியை இரண்டு பேர் எதிரெதிராகச் சுற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள். வீதியின் சரிபாதித் தூரத்தில் இருவரும் ஒரே கணத்தில் சந்திப்பார்கள். ஆனால் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் உள்ள டீக்கடையை ஒருவர் கிளம்பியதும் கடப்பார், மற்றவர் முழு வீதியையும் சுற்றியபிறகு கடப்பார். இடையில் டீ விலை ஏறினால் இருவருக்கும் கணக்கு வேறு.

உன் சுருளை ஒளி கடக்க 2.45 மைக்ரோ விநாடி ஆகிறது. வெளிவரிசை முழுக்க ஒரே முனையைச் சேர்ந்த 50 மீட்டர். காற்றும் வெயிலும் முதலில் தொடுவது அதைத்தான். அது நிமிடத்துக்கு 0.6 டிகிரி வீதம் சூடாகிறது என்று வை. இரண்டு கற்றைகளும் அங்கே வரும் இடைவெளியில் ஏறும் வெப்பம் ஒரு டிகிரியில் நாலு கோடியில் ஒரு பங்குதான். ஆனாலும் 50 மீட்டரிலும் சேர்ந்து ஏறக்குறைய 45 மைக்ரோரேடியன் கட்ட வேறுபாடு தந்துவிடும். இனி உன் சுருளுக்கே கணக்குப் போடு. L ஃபைபர் நீளம், D சுருளின் விட்டம், Ω சுழற்சி வேகம், λ அலைநீளம், c ஒளிவேகம்:

`Δφ = 2πLDΩ/(λc)`

பூமியின் முழுச் சுழற்சிக்கே 49 மைக்ரோரேடியன்தான் வருகிறது. அதாவது வெயில் உனக்குக் கிட்டத்தட்ட இன்னொரு பூமியைச் சுற்றிக் காட்டுகிறது. ஷூப் என்பவர் 1980லேயே சொன்ன விளைவு இது.

டெக் தம்பி சொன்னதில் பாதி சரி, வெப்பம்தான் காரணம். ஆனால் பிழை வெப்பநிலையைப் பார்த்து வருவதில்லை, அது மாறும் வேகத்தைப் பார்த்து வருகிறது. அதனால்தான் 29இல் இரண்டு விடை. சுருள் முழுக்க ஒரே சீராகச் சூடானால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று கழித்துவிடும், அதனால் ஒற்றைத் தெர்மிஸ்டரை வைத்து எதையும் பிடிக்க முடியாது.

நம்பிக்கை இல்லையென்றால் உள்ளங்கையைச் சுருளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு நிமிடம் பிடி. ஏறும். கையை எடு, எதிர்ப்பக்கம் போகும். அப்புறம் சுருளைத் தலைகீழாகத் திருப்பிவை. பூமியின் பங்கு குறி மாறும், நிலையான பிழை மாறாது. திருப்பும்போது கைச்சூடு ஏறிவிடும், அரை மணி பொறுத்துப் படி.

வேலந்தாவளம் டெக்:
அப்போ தெர்மிஸ்டரை உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று வைத்தால்?

சுற்றுக்காரர்:
ஓரளவு உதவும். அதைவிட ஒழுங்காகச் சுற்றுவது மலிவு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஐயா, உள்ளங்கையிலேயே 9 ஏறியது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சுருளை அலுமினியக் குண்டானில் வைத்து மூடி, அதை மீன் கொண்டுவரும் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்தேன். இப்போது சன்னலைத் திறந்தாலும் ஆட்டம் ஒன்றரைக்குள் நிற்கிறது.

இரவில் திருப்பிப் பார்த்தேன். நேராக 3.9, தலைகீழாக மைனஸ் 1.6. வித்தியாசத்தில் பாதி 2.75, பூமி கிடைத்துவிட்டது! கூட்டியதில் பாதி 1.15. இது என்ன?

சுற்றுக்காரர்:
2.75 நல்ல எண். ஆனால் மேசை மட்டத்தைப் பார்த்தாயா? நம் அட்சரேகையில் படுத்த சுருளுக்குப் பூமி தருவது கொஞ்சம்தான், வடக்கே நோக்கும் பங்கு 14.8. வடக்கு தெற்காக ஒரு டிகிரி சாய்ந்தாலே கால் டிகிரி கூடும், குறையும்.

மிச்சம் 1.15க்கு, ஒளியை அணைத்துவிட்டு மாடுலேஷனை மட்டும் ஓடவிட்டுப் பார். எண் நின்றால் அது மின்கம்பியில் ஒட்டிவந்த 204 கிலோஹெர்ட்ஸ்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அணைத்தால் 0.3 நிற்கிறது. மீதி 0.85 எங்கிருந்து என்று தெரியவில்லை.

சுற்றுக்காரர்:
காந்தமாக இருக்கலாம், போலரைசரில் கசிவாகவும் இருக்கலாம். இங்கிருந்து சொல்ல முடியாது. முதலில் சுருளை மாற்று. ஃபைபரின் நடுப்புள்ளியை உருளைமேல் வைத்துத் தொடங்கு, இரு பாதிகளையும் இரண்டு பாபினில் எடுத்துக்கொள். இடது ஒரு வரிசை, வலது இரண்டு, இடது இரண்டு, வலது இரண்டு என்று போய் கடைசியில் இடது ஒன்று. நடுப்புள்ளியிலிருந்து சம தூரத்திலுள்ள துண்டுகள் அக்கம்பக்கமாக விழும், ஒரே சூட்டைப் பார்க்கும். வரிசை எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், பத்து ஆகாது. எட்டு போடு, 400 மீட்டர் வரும். நீளம் குறைவதால் மாடுலேஷனை 255 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்ற மறக்காதே. பலர் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரீவைண்டிங் கடை அண்ணனிடம் இரண்டு பாபின் கேட்டேன். "ஒரு காயிலை ரெண்டு பக்கமிருந்தா சுத்துவ?" என்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.