உதவிப் பணம் கணக்கில் விழவில்லை, கடிதம் எழுத உதவுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நான் களுவாஞ்சிகுடி, படிப்பது மட்டக்களப்பில். புலமைப்பரிசில் உதவிப் பணம் இரண்டு மாதமாக என் கணக்குக்கு வரவில்லை. கூடப் படிக்கிற மற்ற எல்லாருக்கும் வந்துவிட்டது. போன மாத அறை வாடகையை அம்மா காப்பை அடகு வைத்துத்தான் கட்டினா.

வங்கியில் புத்தகத்தைப் பதிந்து பார்த்தேன், ஒரு வரவும் இல்லை. அப்புறம் அலுவலகத்தில் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். என் கணக்கு இலக்கம் 00 என்று தொடங்கும். பட்டியலில் அந்த இரண்டு பூச்சியமும் இல்லை. எக்செலில் இலக்கத்தை எண்ணாகப் பதிந்தால் முன்னால் நிற்கும் பூச்சியங்கள் தானாகவே போய்விடும். அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"எனது கணக்கு இலக்கம் பட்டியலில் முன்னுள்ள பூச்சியங்கள் இன்றிப் பதிவாகியுள்ளது. வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியை இணைத்துள்ளேன். இலக்கத்தைத் திருத்தி, இரு மாத நிலுவையையும் வைப்பிலிடுமாறும், முன்னர் அனுப்பிய பணம் திரும்பி வந்ததா என அறியத்தருமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் பதிவாளருக்கு எழுதுவதா, நிதிப் பிரிவுக்கா? பணம் வேறு யாருடைய கணக்குக்காவது போயிருந்தால் வங்கியிடமும் தனியாகக் கடிதம் கொடுக்க வேண்டுமா? இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை கடிதத்தைக் கொடுக்க இருக்கிறேன்.